சர்வர் முதலில் அழைப்பதில்லை

டி20 ஆட்டம் நடக்கும் நாளில் ஸ்கோர் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் ஏராளம். திரையின் ஓரத்தில் 112/3 என்பது 116/3 ஆகிறது. யாரும் பக்கத்தைப் புதுப்பிக்கவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. பவுண்டரி போனதும் எங்கோ இருக்கும் சர்வர் நம்மைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனது போலத்தான் இருக்கிறது.

அப்படி வரச் சர்வருக்கு வழி கிடையாது. இணையப் பக்கங்களுக்கான எச்.டி.டி.பி. என்ற நெறிமுறையில் பேச்சைத் தொடங்குவது எப்போதும் பிரவுசர்தான். அது கேட்கும், சர்வர் பதில் சொல்லும், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நெறிமுறை இடம் கொடுத்தாலும் பாதை இடம் கொடுக்காது. நம் வீட்டில் நான்கு போன்களும் ஒரு மடிக்கணினியும் இருந்தால், வெளியுலகுக்குத் தெரிவது பெரும்பாலும் ரவுட்டரின் ஒரே முகவரிதான். மொபைல் நெட்வொர்க்கில் நிறைய பேர் சேர்ந்து ஒரே முகவரியில் வெளியே போகிறார்கள். உள்ளேயிருந்து ஒருவர் தொடங்கிய பேச்சுக்கு வரும் பதிலை ரவுட்டர் உரியவரிடம் சேர்த்துவிடும். கேட்காமலே வெளியிலிருந்து ஒன்று வந்தால், அது யாருக்கு என்று தெரியாததால் தூக்கிப் போட்டுவிடும்.

ஆக, சர்வர் நமக்குத் ‘தள்ளும்’ ஒவ்வொரு செய்தியும், நம் பிரவுசர் ஏற்கெனவே திறந்து வைத்த வழியாகத்தான் வருகிறது. அந்த வழியை எப்படித் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்தே வைத்திருப்பது என்பதில்தான் போலிங், லாங் போலிங், வெப்சாக்கெட் என்ற மூன்றும் வேறுபடுகின்றன.

“சர்க்கரை வந்துடுச்சா அண்ணே?”

முதலாவது முறை போலிங். பக்கத்தில் இருக்கும் சிறு நிரல் ஐந்து விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் “புதுசா ஏதாவது உண்டா?” என்று கேட்கும். பக்கம் முழுவதையும் மறுபடி ஏற்றாமல் பின்னணியில் இப்படிக் கேட்கும் வசதி மைக்ரோசாஃப்டில் பிறந்தது. அவுட்லுக் மின்னஞ்சலைப் பிரவுசரில் காட்டும் வேலைக்காக அங்கே அதை உருவாக்கினார்கள். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உடன் அது வெளியே வந்தது.

ரேஷன் கடைக்குப் போய் “சர்க்கரை வந்துடுச்சா அண்ணே?” என்று கேட்டு, “இன்னும் வரலம்மா” என்ற பதிலோடு திரும்பி, சற்று நேரத்தில் மறுபடி போய்க் கேட்பதுதான் போலிங். சர்க்கரை வராத நேரத்திலும் நடை நடைதான்.

அந்த நடைக்கு என்ன செலவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டி20இல் ஒரு இன்னிங்ஸின் 20 ஓவர்களை வீச 85 நிமிடம் ஒதுக்குகிறார்கள். அதாவது ஒரு பந்துக்குச் சராசரியாக 42 விநாடி. ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேட்டால், ஒரு பந்துக்கு எட்டு முறை கேட்கிறோம், அதில் ஏழு முறை “இன்னும் வரல” என்பதுதான் பதில். பார்ப்பவர்கள் ஒரு லட்சம் பேர் என்றால் சர்வருக்கு விநாடிக்கு 20,000 கோரிக்கைகள். ஒவ்வொரு கோரிக்கையும் பதிலும் குக்கி, பிரவுசர் விவரம், தேதி எனத் தலைப்பு வரிகளைச் சுமந்து வருகின்றன. இருபக்கமும் சேர்த்து ஆயிரம் பைட் என்று வைத்தால், விநாடிக்கு இரண்டு கோடி பைட் ஓடுகிறது. நமக்கு வேண்டிய “116/3” அதில் ஐம்பது பைட்கூடத் தேறாது. இவ்வளவு செய்தும் பவுண்டரி போன செய்தி சராசரியாக இரண்டரை விநாடி தாமதமாகத்தான் வந்து சேரும்.

இதைப் படித்துவிட்டுப் போலிங் முட்டாள்தனம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்கோர் எல்லோருக்கும் ஒன்றுதான். எனவே அந்தப் பதிலை ஊருக்கு ஊர் வைத்திருக்கும் நகல் சர்வர்களில் மூன்று விநாடிக்குத் தேக்கி வைத்தால், அந்த 20,000 கேள்விகளில் பெரும்பகுதி மூல சர்வரை எட்டவே எட்டாது. எளிமையான ஏற்பாடு, உடைவதும் குறைவு. ஆனால் ஒவ்வொருவருக்கும் பதில் வேறு வேறு என்றால் இந்தத் தந்திரம் செல்லாது. சாட் அப்படிப்பட்டது. உங்களுக்கு வந்த செய்தியை இன்னொருவருக்கான பதிலாகத் தேக்கி வைக்க முடியாதல்லவா?

காத்திருக்கச் சொன்ன ஃபேஸ்புக்

2008 ஏப்ரலில் ஃபேஸ்புக் தன் தளத்தில் சாட் வசதியைத் திறந்தபோது வெப்சாக்கெட் என்று ஒன்று எந்தப் பிரவுசரிலும் கிடையாது. அவர்கள் எடுத்துக்கொண்ட வழி லாங் போலிங். இங்கே கேள்வி அதேதான், பதில் சொல்லும் முறை மட்டும் மாறுகிறது. “புதுசா ஏதாவது உண்டா?” என்று பிரவுசர் கேட்கும். இல்லை என்றால் சர்வர் “இல்லை” என்று சொல்லாமல், பதிலே தராமல், அந்தக் கோரிக்கையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் “நில்லுங்கம்மா, லாரி வந்ததும் தர்றேன்” என்பதைப் போல. செய்தி வந்த அடுத்த கணம் பதில் போகும். பதில் கைக்கு வந்ததும் பிரவுசர் உடனே அடுத்த கோரிக்கையை அனுப்பிவிட்டு மறுபடி காத்திருக்கும்.

தாமதம் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று, வெறும் பதில்களும் குறைந்தன. பாரம் மட்டும் சர்வரின் தலைக்கு இடம் மாறியது. அன்றைய வழக்கமான வெப் சர்வர்கள் ஒரு கோரிக்கைக்கு ஒரு தனிச் செயலியை ஒதுக்கும் அமைப்பில் ஓடின. பதில் அரை விநாடியில் முடியும் வரை அது சரி. லட்சக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு கோரிக்கையை நீட்டிவிட்டு நிமிடக்கணக்கில் சும்மா நின்றால், ஒவ்வொருவருக்கும் ஒரு செயலியும் அதற்கான நினைவகமும் வீணாக அடைபட்டுக் கிடக்கும்.

அதனால் ஃபேஸ்புக் பொறியாளர்கள் செய்திகளை வைத்திருந்து விநியோகிக்கும் பகுதியை மட்டும் எர்லாங் மொழியில் தனியாக எழுதினார்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் நிறுவனத்தில் உருவான மொழி அது. ஒரே இயந்திரத்தில் மிகச் சிறிய, மலிவான ‘காத்திருப்புகளை’ ஏராளமாக வைத்திருப்பது அதற்குக் கைவந்த கலை.

அதைத் திறந்து வைத்த விதமும் சுவாரசியமானது. ஏழு கோடி பயனர்களுக்கு ஒரே நாளில் கொடுத்தால் தாங்குமா? அறிவிப்புக்கு முன்பே, பயனர்கள் பார்க்கும் சாதாரண ஃபேஸ்புக் பக்கங்கள் திரையில் எதையும் காட்டாமல் சாட் சர்வர்களோடு இணைந்து, நண்பர்களின் நிலையைக் கேட்டு, செய்தி அனுப்புவது போல நடித்துப் பார்த்தன. பயனர்களுக்கே தெரியாமல் நடந்த ஒத்திகை. அந்தப் பொறியாளர்கள் பிறகு எழுதிய குறிப்பில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது: அதிகச் சுமை தந்தது செய்திகளை அனுப்புவது அல்ல, யார் ஆன்லைனில் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று ஒவ்வொருவரின் நண்பர் அனைவருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பதுதான். பெயருக்குப் பக்கத்தில் எரியும் அந்தப் பச்சைப் புள்ளி அவ்வளவு மலிவானதல்ல.

லாங் போலிங்கில் இரண்டு சந்துகள் உண்டு. ஒரு பதில் வந்து, அடுத்த கோரிக்கை போய்ச் சேரும் இடைவெளியில் புதுச் செய்தி வந்தால் அதை யாரிடம் கொடுப்பது? இதற்காகச் சர்வர் செய்திகளை வரிசையில் வைத்து எண் கொடுக்கும், பிரவுசர் ஒவ்வொரு முறையும் “57 வரை வாங்கிவிட்டேன்” என்று சொல்லிக் கேட்கும். இன்னொரு சந்து வழியில் இருக்கிறது. நடுவே நிற்கும் ப்ராக்ஸிகள், நெடுநேரம் பதில் வராத கோரிக்கையைச் செத்ததாக எண்ணி வெட்டிவிடும். 2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6202 என்ற வழிகாட்டி, 30 விநாடி காத்திருப்பைப் பாதுகாப்பான அளவு என்கிறது. செய்தி ஏதும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்குள் ஒரு வெறும் பதிலைக் கொடுத்து, புதிதாகக் கேட்க வைத்துவிட வேண்டும்.

பேச்சு மொழியை மாற்றுவது

கேட்டுவிட்டுக் காத்திருக்கும் இந்த நாடகமே வேண்டாம், ஒருமுறை திறந்த இணைப்பில் இருவரும் நினைத்தபோது பேசட்டும் என்பதுதான் வெப்சாக்கெட். இது தனியாக ஒரு புது வாசலைத் திறப்பதில்லை. நிறுவனங்களின் ஃபயர்வால்கள் அறிமுகம் இல்லாத வாசல்களைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கும். அதனால் வெப்சாக்கெட், எல்லோரும் அனுமதிக்கும் சாதாரண எச்.டி.டி.பி. கோரிக்கையாகவே உள்ளே நுழைகிறது.

```
GET /chat HTTP/1.1
Host: server.example.com
Upgrade: websocket
Connection: Upgrade
Sec-WebSocket-Key: dGhlIHNhbXBsZSBub25jZQ==
Sec-WebSocket-Version: 13
```

“இந்த இணைப்பிலேயே இனி வேறு மொழியில் பேசலாமா?” என்பதுதான் இதன் பொருள். சம்மதம் என்றால் சர்வர் இப்படிச் சொல்லும்:

```
HTTP/1.1 101 Switching Protocols
Upgrade: websocket
Connection: Upgrade
Sec-WebSocket-Accept: s3pPLBmiTxaQ9kYGzzhZRbK+xOo=
```

கடைசி வரியில் இருப்பது, பிரவுசர் அனுப்பிய சாவியோடு நெறிமுறையில் எழுதிவைத்த ஒரு நிலையான சரத்தை ஒட்டி, கணித முறையில் அரைத்து எடுத்த விடை. வெப்சாக்கெட் தெரிந்த சர்வர்தான் இதைக் கணக்கிட முடியும். ஏதோ ஒரு சாதாரண சர்வர் புரியாமல் தலையாட்டவில்லை என்பதற்கு இது சாட்சி. பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது, ரகசியம் எதுவும் இதில் இல்லை.

இதற்குப் பிறகு தலைப்பு வரிகள் கிடையாது. சர்வர் அனுப்பும் 125 பைட் வரையிலான செய்திக்கு முன்னால் இரண்டே பைட் முகப்பு. “116/3” போன்ற செய்திக்கு முன்பு ஆயிரம் பைட் சுமந்தோம், இப்போது இரண்டு பைட். அடியில் ஓடும் இணைப்புக்கும் குறியாக்கத்துக்கும் சிறு செலவு உண்டு என்றாலும் வித்தியாசம் பெரியது.

பிரவுசரிலிருந்து சர்வருக்குப் போகும் செய்திக்கு மட்டும் கூடுதலாக நான்கு பைட் உண்டு. அந்த நான்கு பைட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2010இல் குரோம் வெப்சாக்கெட்டை ஏற்கெனவே தந்திருந்தது, ஃபயர்ஃபாக்ஸ் 4 சோதனை வடிவங்களிலும் அது இருந்தது. அப்போது ஆடம் பார்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். சில நெட்வொர்க்குகளில், பயனருக்குத் தெரியாமல் நடுவில் நின்று பக்கங்களைத் தேக்கித் தரும் ப்ராக்ஸிகள் உண்டு. அவற்றில் சில `Upgrade` என்ற வரியைக் கண்டுகொள்வதில்லை, இன்னும் எச்.டி.டி.பி.தான் ஓடுகிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

ஒரு திருடன் தன் பக்கத்திலிருந்து தன் சொந்தச் சர்வருக்கே வெப்சாக்கெட் திறக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தபின், பிரபலமான தளம் ஒன்றின் நிரல் கோப்பைக் கேட்பது போலவே எழுத்துக்கு எழுத்து அமைந்த ஒரு ‘செய்தியை’ அனுப்புகிறான். ப்ராக்ஸிக்கு அது இன்னொரு கோரிக்கையாகத் தெரிகிறது. திருடனின் சர்வர் அதற்குத் தீய நிரல் ஒன்றைப் பதிலாகத் தருகிறது. அந்தப் பிரபலத் தளத்தின் கோப்பு இதுதான் என்று நம்பி ப்ராக்ஸி அதைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. அதே ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும், அந்தத் தளத்தைப் பயன்படுத்தும் பக்கங்களைத் திறக்கும்போதெல்லாம் திருடனின் நிரலை வாங்குவார்கள். அந்தத் திருடனின் பக்கத்தை அவர்கள் எட்டிப் பார்த்திருக்கவே தேவையில்லை.

2010 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் ஓபராவும் வெப்சாக்கெட்டை அணைத்து வைத்தன. ஓராண்டு கழித்து, 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 ஆக நெறிமுறை வெளியானபோது தீர்வு அதில் இருந்தது. பிரவுசர் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக நான்கு பைட் எண்ணைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, அதனோடு செய்தியைக் கலந்து உருமாற்றி அனுப்பும். அந்த எண்ணும் கூடவே போவதால் சர்வர் எளிதாகப் பிரித்துப் படித்துவிடும். ஒட்டுக்கேட்பவரும் படிக்கலாம், அதனால் இதைக் குறியாக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் கம்பியில் எந்த எழுத்து எந்த வடிவில் போகும் என்பதைப் பக்கத்தை எழுதியவன் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. கோரிக்கை போலத் தோன்றும் செய்தியை இனி அவனால் செய்ய முடியாது. ஒட்டுக்கேட்பதைத் தடுக்க `wss://` என்று தொடங்கும் குறியாக்கப்பட்ட இணைப்பு வேண்டும். நடுவில் நிற்கும் ப்ராக்ஸி உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கவும் அதுவே நல்ல வழி.

சத்தமில்லாமல் சாகும் இணைப்பு

இது நிலையான இணைப்பு என்று சொல்லக் கேட்கும்போது, இங்கிருந்து அங்குவரை இழுத்துக் கட்டிய கம்பி மனத்தில் வருகிறது. அப்படி எதுவும் கிடையாது. இரு முனையிலும் “நமக்குள் ஒரு பேச்சு திறந்திருக்கிறது” என்ற குறிப்பு இருக்கிறது. நடுவில் உள்ள ரவுட்டர்களும் ப்ராக்ஸிகளும் தங்கள் அட்டவணையில் ஒரு வரி வைத்திருக்கின்றன. இவற்றில் ஒருவர் மறந்தாலும் இணைப்பு செத்தது, ஆனால் மற்றவர்களுக்கு அது தெரியாது.

வீட்டு வைஃபையில் ஸ்கோர் பார்த்துக்கொண்டே தெருவில் இறங்குகிறீர்கள். போன் மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது, உங்கள் முகவரியும் மாறுகிறது. பழைய இணைப்பில் நீங்கள் இனி இல்லை, ஆனால் விடைபெற்றுக்கொண்டு வரவில்லை. சர்வர் அடுத்த பந்தின் ஸ்கோரை அனுப்புகிறது, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வரவில்லை, மறுபடி அனுப்புகிறது. லினக்ஸ் இயந்திரத்தின் இயல்பான அமைப்பில், இப்படி இடைவெளியைக் கூட்டிக்கூட்டி முயன்றுவிட்டுக் கைவிடச் சுமார் 15 நிமிடம் ஆகும். சர்வரிடம் அனுப்ப எதுவுமே இல்லை என்றால் இணைப்பு செத்ததை அது கண்டுபிடிப்பதற்குச் சந்தர்ப்பமே இல்லை. பிரவுசர் பக்கத்திலும் இதே கதைதான். செய்தி வரவில்லை என்றால் விக்கெட் விழவில்லையா, இணைப்பு விழுந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது.

இதற்காகத்தான் நாடித் துடிப்பு போல அவ்வப்போது ஒரு வெறும் செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கிறார்கள். நெறிமுறையிலேயே பிங், பாங் என இரண்டு உண்டு. சர்வர் பிங் அனுப்பினால் பிரவுசர் தானாகப் பாங் சொல்லும். பக்கத்தில் ஓடும் நிரலுக்குத் தானே பிங் அனுப்பும் வசதி இல்லாததால், பல செயலிகள் சாதாரணச் செய்தி வடிவிலேயே தங்கள் துடிப்பை வைத்துக்கொள்கின்றன. சாக்கெட்.ஐஓ என்ற பிரபல நூலகத்தில் சர்வர் 25 விநாடிக்கு ஒருமுறை பிங் அனுப்பி, 20 விநாடிக்குள் பதில் இல்லையென்றால் இணைப்பை மூடிவிடும்.

25 என்ற எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. வெப் சர்வர்களுக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ், பின்னாலிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பை வெட்டிவிடும், அதன் இயல்பான அமைப்பு அது. தங்கள் தளத்தில் வெப்சாக்கெட் போட்டவர்கள் “சும்மா இருந்தால் சரியாக ஒரு நிமிடத்தில் துண்டிக்கிறது” என்று புலம்பினால், தங்கள் நிரலைத் துருவுவதற்கு முன் நடுவில் நிற்பவரைப் பார்ப்பது நல்லது. துண்டிப்பு தாறுமாறான நேரங்களில் வந்தால் நெட்வொர்க் மீது சந்தேகப்படலாம். கடிகாரம் வைத்தது போல் வந்தால் யாரோ ஒருவரின் காலக்கெடு. இரண்டிலும் பிரவுசர் காட்டும் எண் பெரும்பாலும் 1006 ஆகவே இருக்கும். மறுமுனை முறையாக விடைபெறவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள்.

துண்டித்தால் மறுபடி இணைய வேண்டும், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. புது மென்பொருளை ஏற்றுவதற்காக ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்கிறார்கள். அதில் தொங்கிய ஒரு லட்சம் இணைப்புகளும் ஒரே கணத்தில் அறுகின்றன. ஒரு லட்சம் பிரவுசர்களும் ஒரே விநாடியில் திரும்பி ஓடி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் குறியாக்கச் சாவி பேச வேண்டும், பயனர் யாரென்று சரிபார்க்க வேண்டும். எழுந்து நின்ற சர்வர் மறுபடி விழும், மறுபடி எல்லோரும் ஓடி வருவார்கள். எனவே முதல் முயற்சிக்கு ஒரு விநாடி, பிறகு இரண்டு, நான்கு, எட்டு எனக் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, ஒவ்வொரு பிரவுசரும் அதைக் குருட்டாம்போக்கில் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ள வேண்டும். குருட்டாம்போக்கு இல்லாமல் இரட்டிப்பு மட்டும் செய்தால், கூட்டம் அப்படியே சேர்ந்தே இரண்டு விநாடி காத்திருந்தும் வரும், நான்கு விநாடி காத்திருந்தும் வரும்.

இணைந்தபின் விடுபட்ட செய்திகளைப் பெறுவதை வெப்சாக்கெட் கவனித்துக்கொள்ளாது. லாங் போலிங்கில் சொன்ன அதே “57 வரை வாங்கிவிட்டேன்” இங்கேயும் வேண்டும், அதை நாமே எழுத வேண்டும். வெப்சாக்கெட் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் இதுதான்.

என்னைக் கேட்டால், ஸ்கோர் பக்கத்துக்கு வெப்சாக்கெட்டே அதிகம். ஸ்கோர் ஒருவழிச் செய்தி, நாம் சர்வருக்குச் சொல்ல எதுவுமில்லை. எஸ்.எஸ்.இ. என்று இன்னொரு முறை இருக்கிறது. ஒரு சாதாரண எச்.டி.டி.பி. பதில், ஆனால் முடியாமல் வரி வரியாக நீண்டுகொண்டே போகும். அறுந்தால் பிரவுசரே மறுபடி இணையும், கடைசியாக வாங்கிய எண்ணையும் அதுவே சொல்லும். பழைய எச்.டி.டி.பி. 1.1இல் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புதான் என்ற பிரவுசர் வரம்பு இதைக் கட்டிப்போடும், ஏழாவது டேப் திறந்தால் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். எச்.டி.டி.பி. 2இல் அந்தத் தொல்லை இல்லை. இருபக்கமும் விநாடிக்கு விநாடி பேச வேண்டிய சாட், ஆன்லைன் சதுரங்கம், பலர் சேர்ந்து ஒரே ஆவணத்தில் எழுதுவது போன்றவற்றுக்குத்தான் வெப்சாக்கெட் பொருத்தம்.

உங்களுக்குப் பிடித்த தளம் எதைப் பயன்படுத்துகிறது என்று நீங்களே பார்க்கலாம். கணினியில் குரோமைத் திறந்து F12 அழுத்தி, Network என்ற பகுதிக்குப் போய், பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள். ஒரே முகவரி சில விநாடிக்கு ஒருமுறை புது வரியாக வந்துகொண்டே இருந்தால் அது போலிங். ஒரு வரி pending என்று நெடுநேரம் நின்று, முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்கினால் லாங் போலிங். Status என்ற இடத்தில் 101 என்று இருந்தால் வெப்சாக்கெட். அந்த வரியைச் சொடுக்கி Messages என்பதைத் திறந்தால், போகும் செய்தியும் வரும் செய்தியும் ஒவ்வொன்றாகத் தெரியும்.